முக்காலே மூணு வீசம்

யாராவது ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் நல்லதம்பி உடனே வாயைத் திறக்கமாட்டார். வலது கையின் கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கோட்டில் போய் உட்காரும். ஒரு விரலுக்கு மூன்று கோடு, ஒரு நுனி. நான்கு விரலுக்குப் பதினாறு. கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மேலேறி ஆள்காட்டி விரலின் மேல்கோட்டில் நின்றுவிடும். நுனிக்குப் போகாது. பிறகுதான் சொல்வார்: "முக்காலே மூணு வீசம் நல்ல ஆளு."

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷமாக ஃபிட்டர். நல்ல படம், நல்ல சாப்பாடு, நல்ல மனிதன் எல்லாவற்றுக்கும் அவரிடம் இந்த ஒரே மதிப்பெண்தான். அதைத் தாண்டி அவர் யாருக்கும் கொடுத்ததில்லை, பெற்ற மகளுக்கும்கூட.

அதனால் வந்தது வினை. அவரோடு வேலை பார்க்கும் அன்புச்செல்வனுக்கு ஸ்ரீரங்கத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் மகாலட்சுமி. அன்புச்செல்வனுக்கு ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. அவனுக்கு வயது முப்பத்தி நாலு. வழக்கப்படி பெண்ணின் தாய்மாமா சுரேஷ்குமார் ஒர்க்‌ஷாப் வாசல் டீக்கடையில் வந்து விசாரித்தார். கட்டைவிரல் ஏறியது, நின்றது. "முக்காலே மூணு வீசம் நல்ல பையங்க."

நம்மூர்க்காரர் யாராக இருந்தாலும் சந்தோஷமாகப் போயிருப்பார்கள். ஆனால் சுரேஷ்குமார் இருபது வருஷம் கரக்பூரில் ரயில்வே வேலை பார்த்தவர்.

"வங்காளத்துல முழுசா நல்லதுன்னா ஷோலோ ஆனாம்பான்," என்றார் அக்கா வீரம்மாளிடம். "பதினாறு அணா. வீசம்னா பதினாறுல ஒண்ணு. முக்கால்னா பன்னெண்டு வீசம், மேல மூணு. ஆகக்கூடி பதினஞ்சுதான் வருது. கூட வேலை பாக்கறவரே ஒண்ணைப் பிடிச்சு வெச்சிருக்காருக்கா. சதவீதத்துல ஆறேகால்."

அந்த ஆறேகாலைத் தேடி ஒரு குடும்பமே கிளம்பியது. தலைமுடி சொந்தமா என்று சலூனில் விசாரித்தார்கள். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரரிடம் குறட்டை பற்றிக் கேட்டார்கள். சுரேஷ்குமார் அவன் பின்னாலேயே காந்தி மார்க்கெட்டுக்குள் போய், கத்தரிக்காய் பொறுக்குவதை ஒளிந்து நின்று பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததுதான் அவர்களை இன்னும் பயமுறுத்தியது.

அன்புச்செல்வன் ஓடிவந்தான். "அண்ணே, நூத்துக்கு நூறுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்கண்ணே."

"அதெப்படிடா? பேரிங்கே தண்டுல நூத்துக்கு நூறு உக்காந்தா சுத்தாது. எண்ணெய்க்கு இடம் வேணும்ல."

"நான் பேரிங் இல்லண்ணே. கல்யாணம் நிக்கப்போகுது."

ஞாயிற்றுக்கிழமை நல்லதம்பி பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். வீரம்மாள் காபி வைத்தார். சுரேஷ்குமார் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"பேச்சுக்குச் சொல்றதுதாங்க அது," என்றார் நல்லதம்பி. "எங்க பீகார்க்கார சூப்பர்வைசர் உன்னீஸ் பீஸ் வித்தியாசம்பாரு. பத்தொம்பதுக்கும் இருபதுக்கும் உள்ளதுதான்னு அர்த்தம். அதுக்காக யாராச்சும் ஒண்ணைத் தேடுறாங்களா? தெலுங்குக்காரன் நூட்டிக்கி நூறுங்கிறான். எண்ணியா பாக்கறான்? உங்க வங்காளத்துல பதினஞ்சு அணான்னு சொன்னா என்ன அர்த்தம்?"

சுரேஷ்குமார் கொஞ்சம் யோசித்தார். "பொனெரோ ஆனா. ஏறக்குறைய எல்லாம்னு அர்த்தம்."

"அதாங்க இதுவும்."

"இருந்தாலும் அந்த ஒண்ணு என்னான்னு சொல்லிருங்க. மனசு ஆறிடும்," என்றார் வீரம்மாள்.

நல்லதம்பிக்குப் பொய் வராது. கட்டைவிரல் விரல்களின் மேல் இரண்டு தடவை போய் வந்தது.

"ஒரு பத்து ரூவா குடுன்னு கேட்டா, டீக்குன்னுதானே அர்த்தம்? டீ பதினஞ்சு ரூவா. இவன் எண்ணிப் பத்து ரூவாதான் குடுப்பான்."

சுரேஷ்குமார் நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டார். "ஒரு அணா. கிடைச்சிருச்சுக்கா."

உள்ளறையில் யாரோ சிரிப்பது கேட்டது. அன்றே தேதி குறித்தார்கள். மண்டபச் செலவு ஃபிஃப்டி ஃபிஃப்டி என்று பேச்சு. செய்தி தெரிந்ததும் அன்புச்செல்வன் போனில் கால்குலேட்டரைத் திறந்தான். நல்லதம்பி போனைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணமாகி ஆறு மாதம் கழித்துத்தான் மகாலட்சுமியே நல்லதம்பியிடம் சொன்னாள். அவளுக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்த இடத்தில் எல்லோரும் நூத்துக்கு நூறு என்றிருந்தார்கள். நிச்சயத்துக்கு நாலு நாள் முன்னால் அவனுடைய மனைவி ஷார்ஜாவிலிருந்து போன் செய்தாளாம்.