பாதி சரிக்குப் பூஜ்யம்

கல்யாணமான புதிதில் எங்களுக்கு வாரத்தில் ஒன்றரை நாள்தான் குடும்ப வாழ்க்கை. என் கணவர் கல்லாறு டிஸ்பென்சரியில் கம்பௌண்டர். சனிக்கிழமை பஸ் பிடித்து டவுனில் வலியசாலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார், திங்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். நான் டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். வயிற்றில் நாலு மாதம். டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்க ஒரு பரீட்சை வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், பிரசவத்துக்குள் இவரை இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன்.

பரீட்சை புது மாதிரி. கட்டுரை எழுத வேண்டாம். கேள்விக்குக் கீழே நாலு விடை, சரியானவற்றுக்கெல்லாம் டிக் போட வேண்டும். ஒன்றும் சரியாக இருக்கலாம், மூன்றும் சரியாக இருக்கலாம். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க், இருபத்திநாலு வாங்கினால் பாஸ். பழக்கத்துக்கு ஒரு மாதிரித் தாளும் விடைகளும் அனுப்பியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எழுதிவிட்டு, "முப்பதுக்குக் குறையாது, பாரு" என்று நீட்டினார்.

திருத்தினேன். எட்டு மார்க்!

மூன்று கேள்வியைத் தொடவே இல்லை. நாலு முழுக்கச் சரி. மீதிப் பதின்மூன்றிலும் போட்ட டிக் எல்லாம் சரிதான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு சரியான விடை விட்டுப்போயிருந்தது.

"ஏன்னா, இதை ஏன் விட்டேள்?"

"கொஞ்சம் சந்தேகமா இருந்தது. சந்தேகம்னா தொடப்படாது. எங்க வேலையில அதான் முதல் பாடம்."

"இது மருந்துக் குப்பி இல்லை, கேள்வித்தாள்! மேலே என்ன போட்டிருக்குன்னு படிச்சேளா?"

படித்திருக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நானே உரக்கப் படித்தேன். சரியான விடைகள் அத்தனையையும் குறித்து, தவறானது ஒன்றையும் குறிக்காவிட்டால்தான் இரண்டு மார்க். ஒன்று குறைந்தாலும் ஒன்று கூடினாலும் பூஜ்யம். தவறுக்காக மார்க் கழிப்பதில்லை.

"மூணுல ரெண்டு சரியாப் போட்டா ஒரு மார்க்காவது தர மாட்டாளோ?" என்றார் பாவமாக.

"தர மாட்டா. ரெண்டு போட்டாலும் பூஜ்யம்தான், சும்மா விட்டாலும் பூஜ்யம்தான். நாலு விடையையும் தனித்தனியா எடுத்துண்டு, சரியா தப்பான்னு உங்களையே கேட்டுக்கணும். சந்தேகம்னா எந்தப் பக்கம் மனசு சாயறதோ அந்தப் பக்கம் போகணும். சரின்னு தோணியும் டிக் போடாம விட்டா, அது தப்புன்னு நீங்களே சொன்ன மாதிரி. கழிக்கறதும் இல்லைங்கறபோது ஒரு கேள்வியையும் வெறுமனே விடப்படாது. புரிஞ்சதோ?"

"புரிஞ்சது, டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் நான் கேள்வி எழுதித் தர, அவர் பதில் போட்டார். மார்க் ஏறிக்கொண்டே வந்தது.

பரீட்சையன்று ஹால் வாசலில் காத்திருந்தேன். சிரித்துக்கொண்டேதான் வந்தார். "நீ சொன்னபடியே எல்லாம் போட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசு வரலை."

"எது?"

"ஒரு வயசுக் குழந்தைக்கு எதெல்லாம் தரலாம்னு கேட்டிருந்தா. ஓமத் திரவம், சதகுப்பைத் திரவம் ரெண்டும் நிச்சயம். அபின் கூடவே கூடாது. சல்ஃபா மருந்து, அளவு பார்த்துத் தரலாம்னுதான் தோணித்து. ஆனாலும் குழந்தையாச்சே. கை வரலை."

"காகிதத்துல குழந்தை ஏது?" என்று தெருவென்றும் பாராமல் கத்தினேன். வீட்டுக்கு வந்ததும் அவர் புத்தகத்தைப் புரட்டினார். தரலாம் என்றுதான் இருந்தது. அன்று ராத்திரி சாதத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அவர் வந்தபோது முடிவும் வந்திருந்தது. இருபத்திரண்டு மார்க். ஒரே ஒரு கேள்வி குறைவு.

கடிதத்தை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் திட்டுவேன் என்று காத்திருந்தார், பாவம். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கல்லாறில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவர் மருந்து கொடுக்கும் ஜன்னல் முன்னால் நிற்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு மருந்து கலக்குகிற கை இதுதானே. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சாரமில்லை, போனாப் போறது, அடுத்த வருஷம் எழுதறேன்" என்றார் பதறிப்போய்.

"வேண்டாம். நான் லீவ் எழுதிக் கொடுத்துட்டு அங்கே வரேன்."

"அங்கே டாக்டர் வாரத்துல ரெண்டு நாள்தான் வருவார். பிரசவ நேரத்துல..."

"நீங்க இருக்கேளே."

கல்லாறில்தான் பிரசவம். மருத்துவச்சி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி டம்ளரில் ஏதோ கலந்துகொண்டு அவர் வந்தார். என்ன மருந்து என்று கேட்காமலே வாங்கிக் குடித்தேன்.