சிவப்பு டேங்க் ரோஜா

ரோஜாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் ஊரே சொல்லும். எனக்கு அவளைக் கண்டால் வயிறு எரியும். அதையும் சொல்லிவிட்டுத்தான் அவள் கதையைச் சொல்வேன்.

தாயில்பட்டி தாண்டி எங்கள் கம்பெனி. நான் குழாய் உருட்டுகிற அய்யம்மாள். பட்டாசுக்கான காகிதக் குழாய்களைப் பசை தடவி உருட்டி, காய வைத்துக் கொடுப்பதுதான் எங்கள் செட் வேலை. மருந்து அடைக்கிற பக்கம் தனியாக, வெகுதூரத்தில் இருக்கிறது. வெயில் காலத்தில் களத்தில் பரப்பினால் போதும், காய்ந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் குழாய் பூசணம் பூக்கும், லோடு நிற்கும். அதற்காக மொதலாளி ராஜபாண்டியன் ஐயா வெந்நீர்க் காய்ச்சல் ஷெட் ஒன்று போட்டார். தனி அறையில் டீசல் பர்னர் வைத்த ஹீட்டர். அங்கே சூடாகும் தண்ணீரை ஒரு பம்பு தள்ள, இரும்புக் குழாய்கள் வழியாக ஷெட்டின் சுவரெல்லாம் சுற்றிவிட்டு ஹீட்டருக்கே திரும்பி வரும். அதே தண்ணீர்தான், திரும்பத் திரும்ப. வெளிக்காற்று படாது.

அந்த அறை வேலை எனக்கு வரும் என்று நினைத்தேன். கம்பெனியில் நான் மூத்தவள். நாள் முழுக்கப் பசைக்கையோடு குனிந்து குனிந்து முதுகு போனவளும் நான்தான். ஆனால் போன வருஷம் ஆமத்தூரிலிருந்து வந்த ரோஜாவுக்குத்தான் கிடைத்தது. ஐ.டி.ஐ. முடித்திருக்கிறாளாம். ஆயுதபூஜை கழித்து அவளை நிரந்தரமாக்குவதாக மொதலாளி சொல்லியிருந்தார். அவள் எங்காவது சறுக்கினால் அந்த வேலை எனக்கு வரலாம் என்று எனக்குள் ஒரு நப்பாசை.

அதனால் பார்த்தேன். ஷெட்டிலிருந்து அந்த அறையின் ஜன்னல் நேராகத் தெரியும். குழாயைத் திருப்பிப் போடுகிற சாக்கில் அவள் செய்வதையெல்லாம் பார்த்தேன். காலையில் பிரஷர் முள் ஒன்றில் நிற்கும். சூடேறினால் ஒன்றரைக்கு வரும். மூன்றில் சிவப்புக் கோடு. பர்னரை அணைத்தாலும் பம்பை ஓட விடுவாள், இல்லாவிட்டால் ஹீட்டரிலேயே சூடு தங்கிவிடுமாம். குழாயோடு ஒட்டினாற்போல் உருண்டையாக ஒரு சிவப்பு டேங்க் இருக்கும். அதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் பாடம் நடத்துவாள்.

"தண்ணி சூடானா உப்பும்க்கா. காத்த நசுக்கலாம், தண்ணிய நசுக்க முடியாது. இந்த டேங்குக்குள்ள நடுவுல ஒரு ரப்பர், அந்தப் பக்கம் காத்து. உப்புற தண்ணி ரப்பரத் தள்ளிக்கிட்டு உள்ள வரும், காத்து எடம் விட்டுக் குடுக்கும். ஆறுனா திரும்பிப் போயிரும். இது இல்லன்னா உப்புற தண்ணி எங்கன போகும்? குழாயத்தான் முட்டும்."

"எம்புட்டு அறிவுடி தாயி" என்பேன். அவளுக்கு அது பாராட்டாகத் தோன்றும். அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

ஆயுதபூஜை அன்று ஹீட்டர் ஆறியிருந்தபோது, சிவப்பு டேங்கின் வால்வை மூடினாள். அதற்குள் இருந்த தண்ணீரை வடித்தாள். பிறகு சைக்கிள் ட்யூப்பில் இருப்பது போன்ற வாயில் கேஜ் வைத்துக் காற்றைப் பார்த்தாள். குறைந்திருந்ததால் சைக்கிள் பம்பாலேயே அடித்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள், எனக்குத்தான் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. வால்வைத் திறக்கப் போகிற நேரத்தில் மொதலாளி வீட்டு அம்மா சொர்ணலட்சுமி பூஜைத் தட்டோடு வந்துவிட்டார்.

எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பர்னருக்கு ஒரு பொட்டு, பம்புக்கு ஒரு பொட்டு. அந்தச் சிவப்பு உருண்டையைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "இதுதான் பிள்ளையார் மாதிரி இருக்கு" என்று புதுத் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டி மாலை போட்டுவிட்டார். துண்டு வால்வுப் பிடியோடு சேர்த்து மூடிக்கொண்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக்கூடாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரோஜா கையைக் கட்டிக்கொண்டாள். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி காலையில் நல்ல மழை. ஈரக் குழாய்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. ரோஜா முள்ளைப் பார்த்தாள். தண்ணீர் ஆறியிருந்ததால் அது வழக்கம்போல ஒன்றில்தான் நின்றது. பர்னரைப் பற்றவைத்துவிட்டு, ஷெட்டின் கோடியில் ரேக்குகளை அடுக்கப் போனாள். துண்டுக்குள் மூடிய வால்வு அவள் நினைவில் இல்லை.

எனக்கு நினைவு வந்தது. கையிலிருந்த குழாயை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். முள் ஒன்றரையைத் தாண்டிவிட்டது. அது அங்கே நின்று பழகிய முள். நிற்கவில்லை. இரண்டு. அதற்கு மேலும் ஏறியது. என் மனசுக்குள் ஒரு குரல், "சும்மா இருடி, இன்னிக்கு அவ கதை முடிஞ்சது" என்றது. ஒரு நிமிஷம் இனிக்கவும் செய்தது. ரேக்கு ரேக்காகக் குழாய் அடுக்குகிற பெண்கள் எல்லோரும் அந்தச் சுவர்க் குழாய்களை ஒட்டித்தான் நின்றார்கள்.

ஓடினேன். நான் அறைக்குள் நுழையவும் சேஃப்டி வால்வு சீறவும் சரியாக இருந்தது. அதன் குழாய் வழியாகக் கொதிக்கிற தண்ணீர் வெளியே சாக்கடையில் பீச்சியது. பர்னர் சுவிட்சை அணைத்தேன். பம்பைத் தொடவில்லை.

ரோஜா வந்தவள் முள்ளைப் பார்த்தாள், மாலை போட்ட துண்டைப் பார்த்தாள். "ஐயோ, மூடுனபடியே கெடக்கே!" என்றாள். உடனே திறக்கவில்லை. முள் நன்றாக இறங்கும் வரை காத்திருந்து, துண்டை அவிழ்த்து, வால்வை மெதுவாகத் திறந்தாள். தண்ணீர் முழுக்க ஆறியதும் முள் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. வெளியே கொட்டின தண்ணீர் போனது போனதுதானே. அதைத் திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தபோது மொதலாளி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"அய்யம்மா, காலையில என்ன நடந்துச்சு? உள்ளத உள்ளபடி சொல்லு."

எனக்கு நாக்கு தயாராக இருந்தது. எத்தனை மாதமாகக் காத்திருந்த கேள்வி!

"டேங்கு வால்வ அவதாங்கய்யா மூடுனா. திறக்க மறந்துட்டா. நான் கண்ணால பார்த்தேன். நான் மட்டும் போயி அணைக்கலன்னா, குழாய் எங்கனயாவது தெறிச்சுப் பொம்பளைக மேலெல்லாம் வெந்திருக்கும்."

மொதலாளி தலையை ஆட்டினார். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"அவளும் இதத்தான் சொன்னா, ஒரு வார்த்த கூடாம கொறையாம. நீ வர்றதுக்கு முன்னாடியே வந்து, 'தப்பு என்னுதுய்யா, காப்பாத்துனது அக்கா. அவுகளுக்கு அந்த ரூம் வேல நல்லாத் தெரியும், என் கூடப் போட்டுருங்க'ன்னா. நாளையிலிருந்து நீயும் அங்கன போ. ரெண்டு பேருக்கும் நிரந்தரம்."

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஹீட்டர் அறை வாசலில் ரோஜா நின்று, "சாப்பிட்டீகளாக்கா?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் மட்டும் மொதலாளியிடம் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.