பேட்டரி முனையில் பூத்த உப்பு

அந்த ஐப்பசியில் என் கணவருக்கு வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு. பள்ளிக்கூட மாடிப்படியில் சறுக்கி விழுந்திருந்தார். இருவருமே ஆசிரியர்கள், வீடு சித்தையன்கோட்டைப் பக்கம். பழைய கார் ஒன்று வைத்திருந்தோம். நான் ஓட்டப் பழகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டைக் காட்ட அவரை வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாயிற்று.

ஒரு வாரமாகவே சாவியைத் திருப்பினால் இன்ஜின் முனகி, ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சு வாங்கித்தான் கிளம்பியது. சொன்னேன். "மழைக்காலம்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது மதியம் இரண்டு மணி இருக்கும். எங்கள் தலைக்கு மேல் வெயில். கொடைக்கானல் மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. மணல் மட்டும் தெரிந்த ஆற்றின் தரைப்பாலத்தில் ஓர் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்த அவசரத்தில் கிளட்சை மிதிக்காமல் விட்டுவிட்டேன். இன்ஜின் நின்றது.

ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்த கிழவர் நிற்காமலே கத்தினார்: "காலையிலருந்து மலையில பெய்யுது தாயி! வண்டிய எடு, தண்ணி வந்துரும்!"

சாவியைத் திருப்பினேன். உர்ர்... உர்ர்... பிறகு 'டக்' என்ற ஒற்றைச் சத்தம். கையால் சுற்றும் ஹேண்டில் வீட்டு ஷெட்டில் கிடந்தது. கிழவர் அக்கரை ஏறி மறைந்திருந்தார். மேட்டைப் பார்த்து நின்ற காரை நான் ஒருத்தி தள்ள முடியாது. பின்சீட்டில் காலை நீட்டிக் கிடந்தவரைத் தூக்கவும் முடியாது.

"ஹாரன் அடி" என்றார். நன்றாக அடித்தது. "லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்பு." முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது, சாவியைத் திருப்பியதும் செத்துப்போனது.

"பானட்டத் தூக்கி பேட்டரி முனையப் பாரு."

முனை தெரியவில்லை. வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து மூடியிருந்தது. முனையைக் கவ்வியிருந்த கிளாம்பைத் தொட்டேன், சுட்டது. லேசாகத் திருகினால் கையோடு சேர்ந்து ஆடியது.

"சுடுதுங்க. ஆடவும் செய்யுது."

"அப்ப பேட்டரி சாகல. கரண்டு அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்கிது. லைட்ட அணை. டிக்கில ஸ்பானர் இருக்கு. முதல்ல எர்த் ஒயரக் கழட்டு, பாடியில முறுக்கியிருக்கும் பாரு, அது. மத்ததத் தொட்டு ஸ்பானர் பாடியில பட்டுச்சுன்னா நெருப்பு தெறிக்கும்."

அதை முதலிலும் மற்றதைப் பிறகுமாகக் கழற்றினேன். மாத்திரைக்காகப் பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருந்தோம். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். உள்ளே தண்ணீர் போகக் கூடாதாம். உப்பின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கரைந்து வழிந்தது. பழம் நறுக்கும் கத்தியால் முனையைச் சுரண்டினேன். கிளாம்பின் உள்பக்கம்தான் மோசம், கறுத்துப்போயிருந்தது.

"ஈயம் பளபளன்னு தெரியணும். அவசரப்படாத."

அப்போதுதான் காலுக்குக் கீழே, பாலத்தின் குழாய்களுக்குள் ஏதோ நுழையும் சத்தம் கேட்டது. மூச்சு விடுவதைப் போல. குனிந்து பார்த்தேன். நுரையும் சருகுமாகப் பழுப்பு நீர் மணலை நக்கிக்கொண்டு வந்தது.

"என்னங்க..."

"தெரியும். நீ சுரண்டு."

அவர் குரல் மாறவில்லை. ஆனால் தூக்கிய பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பு வந்தது. கோயிலிலேயே வாய் திறந்து ஜெபிக்காத மனிதர். நான் கத்தியை இன்னும் அழுத்திச் சுரண்டினேன்.

"பிளஸ்ஸ முதல்ல மாட்டு, எர்த் கடைசி" என்றார் இடையில். "அடிவரைக்கும் எறக்கி முறுக்கு. தட்டி எறக்காத, முனை ஒடஞ்சிரும். கையால திருகினா அசையக் கூடாது."

இரண்டாவது போல்ட்டை முறுக்கியபோது பாலத்தின் ஓரத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. செருப்பு நனைந்தது. கிளாம்பைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. பானட்டை மூடிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்தது. முதல் கியரிலேயே கரை ஏறினேன். மேட்டில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது பாலத்தின் ஓரக் கற்கள் ஒவ்வொன்றாக முழுகிக்கொண்டிருந்தன. ஆற்றின் மேல்பக்கமிருந்து ஒரு வேலமரம் வேரோடு உருண்டு வந்தது.

"நீ பானட்டத் தூக்கையிலயே பாத்துட்டேன், வளைவுல தண்ணி வந்துச்சு" என்றார் அவர். "சொன்னா நீ பயந்துருவ. போன்னா என்னய விட்டுட்டுப் போக மாட்ட."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு போகும்வரை முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, முறையாகச் செய்தேன். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் மிச்ச உப்பு புஸ்ஸென்று பொங்கி அடங்கியது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். பாடியில் முறுக்கியிருந்த எர்த் ஒயரின் மறுமுனையும் துருப்பிடித்திருந்தது; அதையும் சுரண்டினேன்.

பாலத்தில் நின்றபோது நான் உடுத்தியிருந்த சுங்குடிச் சேலை துவைத்ததும் முந்தானையெல்லாம் பொத்தலாகி வந்தது. கை துடைத்த இடமெல்லாம் ஆசிட். அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, கந்தலில் போடாமல் மடித்து வைத்தார்.