டம்ளர் மேல் வைத்த கை

ஓர் எவர்சில்வர் டம்ளர், அதன் வாயை மூடிய ஒரு கை, அந்தக் கைமேல் வழிந்த சாராயம். என் கணவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான். கல்யாணப் போட்டோகூட அப்புறம்தான்.

ஊருக்கு ஊர் சாராயக்கடை திறந்திருந்த எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி மூன்றாம் நாள், பொம்மிடியில் என் பிறந்த வீட்டில் மாப்பிள்ளை விருந்து. கிளம்பும்போது அவர் சொன்னார்: “நான் முன்னாடி குடிச்சவன். உட்டு ரெண்டு வருசமாச்சு. ஒரு வாய் உள்ள போனாலும் மறுபடி நிறுத்த என்னால முடியாது. உங்க வூட்ல தெரிஞ்சா, குடிகாரனுக்குப் பொண்ணு குடுத்துட்டோம்னு பேசுவாங்க.” இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம். ஆனால் விருந்துக்குக் கிளம்பி நிற்கும் நேரம். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பந்தியில் என் பெரியண்ணன் பாட்டிலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “வயிறு சரியில்லீங்க மச்சான்” என்றார் இவர். அங்கேதான் தப்பு செய்தார். “வயித்துக்கு இதுதான் மருந்து, மொளகு தட்டிப் போடறேன்” என்று அண்ணன் எழுந்தே விட்டார். காரணம் சொன்னால் அதற்கொரு பதில் வந்துவிடும் என்பதை நான் அன்று பார்த்தேன். இவரும் புரிந்துகொண்டார். அதன்பின் காரணமே சொல்லவில்லை. “வேண்டாங்க மச்சான், நான் குடிக்கறதில்லீங்க.” மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் அதே சொல், அதே சிரிப்பு. குடித்தவர்களைக் குறை சொல்லவில்லை, முகம் சுளித்து எழுந்தும் போகவில்லை.

“சும்மா வாயில வெச்சிட்டுக் குடுங்க மாப்ள, என் மரியாதைக்கு.”

“உங்க மரியாதைக்கு இன்னொரு கரண்டி கறிக்கொழம்பு ஊத்துங்க மச்சான். வயிறு முட்டச் சாப்பிடறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. பாட்டிலை டம்ளருக்கு மேல் சாய்த்தார். இவர் டம்ளரைக் கையால் மூடினார். அண்ணன் நிறுத்தாமல் ஊற்றினார். விரல்களில் வழிந்து இலையெல்லாம் சாராயம். கை நகரவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் மோர்ச் சொம்போடு ஆண்கள் பந்திக்குள் நுழைந்துவிட்டேன். இவர் கையை விலக்கி டம்ளர் தளும்ப மோர் ஊற்றினேன். நிறைந்த டம்ளரில் யார் எதை ஊற்ற முடியும்? “கொழம்புக்குக் கை மறிச்சா உட்டுடறீங்க இல்லண்ணா? இதுக்கும் உடுங்க” என்றேன். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று நானும் கூப்பிடவில்லை. இவர் சாகும்வரை ஒரு சொட்டுத் தொடவில்லை. அண்ணனுக்கு நாங்கள் காரணம் சொல்லவே இல்லை.

போன மாதம் அதியமான்கோட்டையில் அண்ணன் பேரனுக்குக் கல்யாணம். மண்டபத்தின் பின்புறம் ஒரு பையனைச் சுற்றி நான்கைந்து பேர், “ஒரே ஒரு ரவுண்டுடா” என்று பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் டம்ளரைக் கையால் மூடியிருந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டினார்.

“கையி வெச்சிட்டான் இல்ல? அப்புறம் என்னடா? அவனுக்கு மோர் கொண்டாங்க.”

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மோரை நானே கொண்டுபோய் ஊற்றினேன்.