போர்டு மாற்றினால் ஃபோன் வரும்

பெருமாள்ராஜைப் போல ஒரு கிறுக்கனை நான் எந்த வியாபாரத்திலும் பார்த்ததில்லை. கல்லிடைக்குறிச்சி பஜாரில் அவனுடைய மொபைல் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே பேசுவது எல்லாம் எனக்கும் கேட்கும். வருகிறவர்கள் கேமரா எப்படி, என்ன கலர் இருக்கிறது என்று விசாரிப்பார்கள். அவன் திருப்பி ஒன்று கேட்பான்.

“நின்னு போச்சுன்னா எங்கன கொண்டுட்டுப் போவிய?”

வந்தவர்கள் முழிப்பார்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொள்வான். இந்தக் கம்பெனிக்கு திருநெல்வேலி ஜங்ஷனில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, சின்னப் பழுது என்றால் அன்றைக்கே கையில் கிடைக்கும். அந்தக் கம்பெனி விலை குறைவு, வாரண்டியும் கூடுதல், ஆனால் அங்கே வாங்கி வைக்க மட்டும்தான் ஆள். ஃபோன் மதுரைக்குப் போய்த் திரும்பவேண்டும். ஃபோனுக்கு ஒரு வருஷம் என்றால் அதோடு வருகிற சார்ஜருக்கு ஆறு மாதம்தான். ஸ்கிரீன் உடைந்தால் கிடையாது. விளம்பரத்தில் கம்பெனிக்காரன் தண்ணீருக்குள் முக்கிக் காட்டுவான், உள்ளே ஈரம் போயிற்று என்று கொண்டுபோனால் வாரண்டி இல்லை என்பான். இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் கும்பிடாத குறையாகச் சொல்லுவான்: “என்ன ஆனாலும் வெளிய திறக்கக் குடுத்துராதிய. திறந்தா வாரண்டி செத்துச்சு.”

“ஏலே, யாவாரம் பண்ணுதியா, பிரசங்கம் பண்ணுதியா?” என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கத்துவேன். அதற்குள் பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள்.

முன்பு அவன் டவுணில் ஒரு பெரிய ஷோரூமில் நின்றவன். விற்ற ஃபோன் பழுதாகி வந்தால் ‘எங்களுக்குத் தெரியாது, கம்பெனியிடம் கேளுங்கள்’ என்று சொல்லத்தான் அவனை நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாள் வயசாளி ஒருவர் அவன் முகத்துக்கு நேரே காறித் துப்பிவிட்டுப் போனாராம். அதோடு வேலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு சர்வீஸ் சென்டராகப் போய் உட்கார்ந்து விசாரித்துவிட்டுத்தான் சொந்தக் கடை போட்டான்.

அவன் பேச்சைக் கடைசிவரை கேட்டு வாங்கியவள் இசக்கியம்மா. பீடி சுற்றுகிறவள். புருஷன் குற்றாலலிங்கம் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தான். அவளுக்கு எழுத்து வராது. அதனால் அவன் எல்லாவற்றையும் வாட்ஸப்பில் பேசித்தான் அனுப்புவான். நனைத்த இலையும் தூளும் கிடக்கிற சுளவின் ஓரத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு, அதைக் கேட்டபடியே சுற்றுவாள். “ஈரத்துப் பக்கத்துல வைக்காத தாயீ, உள்ள போயிரும்” என்று பெருமாள்ராஜ் திட்டியதால் பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தாள்.

குற்றாலலிங்கம் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். உடம்பு வந்தது, அவன் ஃபோன் வரவில்லை. அவள் ஃபோனில் இருந்த குரல்தான் மிச்சம். தினமும் கேட்டாள். பிறகு ஒரு நாள் காலையில் அந்த ஃபோன் உயிரே இல்லாமல் கிடந்தது. சார்ஜ் போட்டுப் போட்டு ஒரு வாரம் பார்த்தாள்.

“ஃபோன் போனா மயிராச்சு அண்ணாச்சி, அவுக பேச்சு மட்டும் எடுத்துத் தாங்க” என்று கடைவாசலில் நின்று அழுதாள். பெருமாள்ராஜ் பில்லைத் தேடி எடுத்தான். வாரண்டி முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போகலாம் என்றான். ஒத்தையில் ஓர் ஆம்பிளையோடு பஸ் ஏறினால் ஊர் என்ன பேசும் என்று அவள் தயங்க, துணைக்கு நானும் கடையைச் சாத்தவேண்டியதாயிற்று. முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

சர்வீஸ் சென்டரில் ஃபோனை உள்ளே கொண்டுபோனார்கள். ஈரம் பட்டிருந்தால் உள்ளே ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கர் சிவந்திருக்கும், வெள்ளையாக இருந்தால் நமக்கு நல்ல காலம் என்றான் பெருமாள்ராஜ். கவுண்டர் பெண் வந்து, “ஈரம் இல்ல சார், வாரண்டில வரும். உள்ள மெயின் போர்டு போயிருக்கு, ஃப்ரீயா மாத்தித் தந்துருவோம்” என்றாள். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பரீட்சையில் பாஸான பையன் கணக்காக இருந்தது.

“உள்ள இருக்க பேச்சு?” என்றாள் இசக்கியம்மா.

“எல்லாமே போர்டுலதான் இருக்கும்மா. மாத்துனா போயிரும். அதுக்குத்தான் இங்க கையெழுத்து.”

“அப்ப அந்தப் பழைய போர்டையாவது கையில குடுங்க” என்றான் பெருமாள்ராஜ்.

“வாரண்டில மாத்துனா பழசு கம்பெனிக்குத் திரும்பப் போகணும் சார்.”

அதுவும் பெருமாள்ராஜுக்குத் தெரிந்த விதிதான். இத்தனை வருஷம் அது யாருக்கும் வலிக்கும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். இசக்கியம்மா கையெழுத்துப் போடவில்லை. “எனக்கு ஃபோன் வேண்டாம், அத அப்படியே தாங்க” என்று வாங்கி மாராப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும், “மேலப்பாளையத்துல ஃபஹ்மிதான்னு ஒரு பொண்ணு போர்டு வேலை பாக்குது, அங்கன போவோம்” என்றான். வெளியே திறக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் வாயிலிருந்தே அது வந்தது.

ஃபஹ்மிதா ஒளிக்கவில்லை. “நான் கை வச்சா வாரண்டி போயிரும். மெமரிய மட்டும் கழட்டி வேற போர்டுல போட்டாலும் பூட்டு திறக்காது, இதே போர்டுதான் உயிரோட வரணும். வரும்னு என்னால சொல்ல முடியாதுக்கா” என்றாள். இசக்கியம்மா பண்ணச் சொன்னாள். ஃபஹ்மிதா போர்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துச் சூடு காட்டினாள், கம்பி வைத்து ஒட்டினாள், திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடைசியில் அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டு, “மன்னிச்சிருங்கக்கா, வரல” என்றாள். பிறகு, “வாட்ஸப் பேக்கப், பேச்சோட நகல், ஜிமெயில்ல இருக்குமே, பாத்தியளா?” என்று கேட்டாள்.

பெருமாள்ராஜின் முகம் வெளுத்துப்போனது. புது ஃபோன் விற்றால் ஜிமெயில் போட்டு வாட்ஸப் இறக்கிக் கொடுப்பதும் எங்கள் ஊரில் கடைக்காரன் வேலை. பேக்கப் வேண்டுமா என்று ஃபோன் கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துவார்கள், இல்லாவிட்டால் நெட் சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்களே என்று. இவனும் அப்படித்தான் அழுத்தியிருந்தான்.

திரும்புகிற பஸ் பத்தமடை தாண்டியதும் முன் சீட்டிலிருந்து பெருமாள்ராஜ் திரும்பினான்.

“தாயீ, அது என் தப்பு. நான் ஒரு பொத்தான மாத்தி அழுத்திருந்தா அவரு பேச்சு எல்லாம் பத்திரமா இருந்திருக்கும். எந்தக் கம்பெனி எங்கன சர்வீஸ் பண்ணுதான்னு பாத்துப் பாத்துச் சொன்னேன், இதச் செய்யல பாவி.” கண்ணீர் வழிந்தது. துடைக்கவுமில்லை. அவனை நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயெடுத்த நான், தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நீட்டினேன்.

இசக்கியம்மா செத்த ஃபோனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுக சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம் அண்ணாச்சி” என்றாள். “ஒரு வார்த்தை விடாமச் சொல்லுவேன். குரல்தான்… கேக்காமக் கெடந்தேம்லா இந்தக் கொஞ்ச நாளா, அது எப்படி இருந்துச்சுன்னு இப்பமே பிடிபட மாட்டேங்கு.”