டமாரமும் வண்ண மாவும்

பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தோரு வருஷமாக வேலை பார்க்கிற அந்த மனுஷரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டமாரம் என்றால்தான் தெரியும். ரகசியம் என்று ஆரம்பித்து அவர் சொல்வது நாலு வீடு தள்ளிக் கேட்கும். கடைக்குப் போனால் கடைக்காரர் பதறிப்போய், "ஏன் சார் சண்டைக்கு வரீங்க?" என்பார். இவர் பாவம், சோப்பு விலை கேட்டிருப்பார்.

கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கன்வேயர் பெல்ட்டில் ஓடிவரும் இடம் அவருடையது. கீறல் விழுந்ததைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். சாப்பிடப் போகலாமா, மேஸ்திரி வர்றான், இன்னிக்கு என்ன குழம்பு, எல்லாம் உதட்டசைவில் முடிந்துவிடும். காதை மூடும் மூடி கொடுக்க ஆரம்பித்தது நாலு வருஷத்துக்கு முன்னால்தான். அதற்குள் என்ன போக வேண்டுமோ அது போய்விட்டது. ஆனால் அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. செவிடன் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அப்புறம் மனுஷனுக்கு என்ன மரியாதை?

அதிகாலை ஷிப்டு முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு வீடு திரும்பும்போது கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரே மகள், பட்டாணி, ஏதாவது சொல்ல ஓடி வருவாள். ஓடி வருவாள் என்பது பழைய கதை. இப்போது வருவதில்லை.

பட்டாணிக்கு நாலு வயதிலிருந்தே திக்குகிறது. முதல் எழுத்தே நாலைந்து தரம் திரும்பத் திரும்ப வரும். சில சமயம் அதுவும் வராமல் வாய் அப்படியே நின்றுவிடும், கழுத்து மட்டும் இறுகும். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துப் பழகிய டமாரத்துக்கு அங்கேதான் வந்தது வினை. மற்றவர்கள் உதடு நேராகப் போகும், இவள் உதடு வழியில் நின்றுவிடும். "என்ன? என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சத்தமாச் சொல்லு" என்பார். அவள் மறுபடி ஆரம்பிப்பாள், இன்னும் மோசமாகத் திக்கும். மறுபடியும் "என்ன?" என்பார். போன ஐந்தாறு மாதமாக அவரிடம் மட்டும் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டாள். அம்மாவிடம் பேசுகிறாள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுகிறாள், ஜன்னல் கம்பியில் உட்காரும் காக்காயிடம்கூடப் பேசுகிறாள். அப்பா வந்தால் வாய் மூடிக்கொள்ளும். பெற்ற பிள்ளை தன்னோடு பேசவில்லை என்பதை யாரிடம் சொல்லி அழ?

ஆறாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. பொம்மைக் கடைக்காரர் ஒரு பச்சைக் கிளி பொம்மையை எடுத்து வைத்தார். நாம் சொல்வதை அது அப்படியே திருப்பிச் சொல்லும். "பேச்சு வராத புள்ளைங்க எல்லாம் இதோட பேசிப் பேசியே சரியாப் போயிடுது சார்" என்றார். டமாரம் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டார். ஆசை அப்படி.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. "என்னங்க, பேச்சுப் பயிற்சி மேடம்கிட்ட இந்த தடவை நீங்களே கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள். முதல் தடவையாகப் போனார். கிளியையும் பையில் போட்டுக்கொண்டார். பிறந்தநாள்வரை பொறுக்கவில்லை, மேடத்திடம் ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்ற நப்பாசைதான்.

அறையில் மேஜை நாற்காலியைவிடத் தரைதான் பெரிதாக இருந்தது. மேடம் பாய் விரித்துக் கீழேயே உட்கார்ந்திருந்தார். கிளி வெளியே வந்தது. "பேசு, பேசு" என்று டமாரம் மகளை உந்தினார். பட்டாணி அதன் மூக்கைப் பார்த்தபடி, "வ... வ... வ... வணக்கம்" என்றாள். கிளி இறக்கையை அடித்துக்கொண்டு, கீச்சுக் குரலில், "வ... வ... வ... வணக்கம்" என்றது. பட்டாணி அதைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

டமாரத்துக்கு முகம் செத்துவிட்டது.

மேடம் திட்டவில்லை. பட்டாணி மூலையில் மரக்கட்டைகளை அடுக்கப் போனதும் அவரிடம் நிதானமாகச் சொன்னார். "நீங்க ஆசையா வாங்கியிருக்கீங்க சார், அது தெரியுது. ஆனா இது அவளைப் பேசுபேசுன்னு கேக்குது. பேசினா உடனே மார்க் போடுற மாதிரி திருப்பியும் சொல்லுது. அவளுக்கு வேண்டியது கைக்கு வேலை குடுக்கிற சாமான், வாய்க்கு இல்ல. இது சரி அது தப்புன்னு இல்லாம, ரெண்டு பேர் உக்காந்து விளையாடற மாதிரி எதுவா இருந்தாலும் சரி. பேசணும்னு தோணினா பேசுவா. தோணலேன்னா சும்மா இருக்கட்டும்."

"நான் என்ன மேடம் பண்ணணும்?"

"தினம் ஒரு பத்து நிமிஷம் போதும். டிவி வேணாம், போன் வேணாம். அவ என்ன விளையாடறாளோ அதையே நீங்களும் விளையாடுங்க. இது என்ன, அது என்ன கலர்னு கேள்வியா கேக்காதீங்க. நீங்க செய்யறதை நீங்க நிதானமாச் சொல்லிட்டுப் போங்க. அவ பேசி முடிச்சா ஒரு மூச்சு விடற நேரம் விட்டு, அப்புறம் பதில் சொல்லுங்க. நடுவுல நின்னுட்டா நீங்க முடிச்சு வைக்க வேணாம். மெதுவாச் சொல்லு, மூச்சை இழுத்துச் சொல்லுன்னும் வேணாம். அவ எப்படிச் சொன்னான்னு பாக்காதீங்க, என்ன சொன்னான்னு கேளுங்க."

"திக்கு போயிடுமா?"

"அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது சார். பயிற்சி தனியாக் குடுத்துட்டு இருக்கேன். ஆனா வீட்டுல பேசறதுக்கு அவ பயப்படக் கூடாது."

அப்புறம் மேடம் கையிலிருந்த ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். டமாரம் சிரித்துக்கொண்டே, "ஆமா மேடம்" என்றார்.

"காப்பி குடிக்கிறீங்களா, டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன்" என்றார் மேடம், ஃபைலை இறக்கி. "வந்ததுலேர்ந்து பதினாலு தரம் என்னன்னு கேட்டீங்க. ஒரு தடவை காதைப் பரிசோதிச்சுடலாமே?"

டமாரத்துக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "என் காதுக்கு ஒண்ணும் இல்ல! உங்களுக்குத்தான் குரல் உள்ள போகுது!" என்று கட்டடமே அதிரச் சொல்லிவிட்டு, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். கோபம் பஸ் நிறுத்தம்வரைகூடத் தாங்கவில்லை. அங்கே போய் உட்கார்ந்ததும் வெறும் களைப்புதான் மிஞ்சியது.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கிளியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் வேறு ஏதேதோ காட்டினார். பாடும் வண்டி, கேள்வி கேட்கும் பலகை, எழுத்துச் சொல்லும் புத்தகம். எல்லாமே பேசின. மரக்கட்டை டப்பாவைக் கையில் எடுத்து யோசித்தார். மேடம் அறையில் அது இருந்ததுதான், ஆனால் தரையில் விழுந்தால் கடகடவென்று சத்தம். அந்தச் சத்தத்தில் பிள்ளை பேசினால் தன் காதில் விழுமா? அந்தக் கேள்வியை அவரே கேட்டுக்கொண்டு அவரே திடுக்கிட்டார். கடைசியில் ஆறு நிறத்தில் பிசைந்து விளையாடும் மாவு டப்பாக்களை எடுத்தார். ஓசை என்பதே அதில் கிடையாது. "இதுவா? இது ஒண்ணுமே பண்ணாதே சார்" என்றார் கடைக்காரர். "அதான் வேணும்" என்றார் டமாரம்.

பட்டாணிக்கு மாவு பிடித்துவிட்டது. பிறந்தநாளிலிருந்து தினமும் நாலு மணிக்கு, டமாரம் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சொன்னபடியே செய்தார் மனுஷர். "நான் ஒரு பாம்பு உருட்டறேன்" என்பார். "பாம்பு குண்டாயிடுச்சு" என்பார். கேள்வி என்று ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். மூன்றாம் நாள் அவள் குனிந்துகொண்டே மாவோடு ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் தலையை நிமிர்த்தாமலே அவரிடம் ஒன்று சொன்னாள்.

அவருக்கு ஒரு எழுத்துகூட விழவில்லை. "என்ன?" என்பது நாக்கு நுனிவரை வந்தது. கேட்கக்கூடாது, கேட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வாள் என்று விழுங்கிக்கொண்டு, "சூப்பர்! ரொம்ப சூப்பர்!" என்றார்.

பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள். கையில் ஒரு மாடு. அதன் கால் ஒன்று பிய்ந்து தனியாக இருந்தது. மாடு செத்துப்போச்சு என்று சொல்லியிருக்கிறாள். அப்பா சூப்பர் என்கிறார். அவள் மாட்டை டப்பாவில் போட்டு மூடினாள். எழுந்து அடுக்களைக்கு, அன்றைக்கு லீவில் இருந்த அம்மாவிடம் போய்விட்டாள்.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. அவர் பார்க்கும்படி முகத்துக்கு நேராக வந்து சொன்னாள்: "உங்களுக்குக் கேக்கலைன்னு எனக்கு மூணு வருஷமாத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது."

அவ்வளவுதான். இருபத்தோரு வருஷத்துக் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்து அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. காது கேட்காததை மறைத்துக்கொண்டு யாருக்காக இந்த வீம்பு? மரியாதை, மரியாதை என்று இதுவரை கட்டிக்காத்த மரியாதைக்குப் பிள்ளை கொடுத்த விலை இதுவா?

மறுநாள் நாலு மணிக்கு அவர் சுவரில் சாயவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டாணி முகத்தில் விழும்படி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாவைப் பிசைந்தபடி, முடிந்த மட்டும் குரலைத் தணித்து, சொன்னார்.

"பட்டாணி, அப்பாவுக்குக் காது சரியாக் கேக்காதுடா. வேலை பாக்கற இடத்துல பாட்டில் சத்தம் ஜாஸ்தி. அதுல கெட்டுப்போச்சு. நேத்து நீ சொன்னது எனக்கு விழவே இல்ல. கேட்ட மாதிரி நடிச்சேன். தப்பு. நான் எப்பவும் என்ன என்னன்னு கேக்கறதும் அதனாலதான்."

பட்டாணியின் கை நின்றது. அவரையே பார்த்தாள். வாய் திறந்தது, நின்றது. கழுத்து இறுகியது. டமாரம் அவள் கண்ணைப் பார்த்தபடி இருந்தார். உதவவில்லை, தலையாட்டவில்லை, மூச்சைக்கூட மெல்ல விட்டார்.

"அ... அ... அப்போ..." மறுபடி நின்றது. அவர் காத்திருந்தார். "எ... எ... எ... என் வாயினால இல்லியா?"

ஒவ்வொரு எழுத்தும் அவருக்குப் புரிந்தது. புரியாமல் போயிருக்கக்கூடாதா என்று இருந்தது. இரண்டு வருஷமாக, அவர் கேட்ட ஒவ்வொரு "என்ன"வையும் இந்தப் பிஞ்சு தன் வாயின் குற்றமாக எண்ணிச் சேர்த்து வைத்திருக்கிறது!

"இல்லடா கண்ணு" என்றார். "உன் வாயினால ஒரு நாளும் இல்ல. என் காதினால."

அவள் அதை யோசித்தாள். பிறகு அவர் பக்கம் நகர்ந்து, மாவு அப்பிய இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்து, முகத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டாள். மாட்டின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். முதல் சொல்லிலேயே நன்றாகத் திக்கியது. நடுவில் ஒரு இடம் அவருக்கு விழவில்லை. "மாடு எங்கயோ போச்சுன்னு விழுந்துது. எங்க போச்சுங்கறது மட்டும் என் காதுல விழலடா" என்றார். அவள் அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பச் சொன்னாள், திக்கித் திக்கி, பயமில்லாமல். பத்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.