மேஸ்திரியின் தோள் மறைத்த வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் என் தொழிலில் நான் என்றோ ஊர் சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஐம்பதுகளில் ராயபுரத்தில் என் வீட்டு வாசல் அறையில் மேஜை போட்டு மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்தேன். துறைமுகத்தைச் சுற்றி எத்தனை கிடங்குகள் இருந்தனவோ அத்தனை வழக்குகளும் இருந்தன. தமிழில் இருக்கும் காகிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, "இது சரியான மொழிபெயர்ப்பு" என்று கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கையெழுத்துதான் என் மரியாதை.

ஒரு நாள் நிலக்கரிக் கிடங்கு ஒன்றின் பெரிய குமாஸ்தா ஒரு போட்டோவோடு வந்தார். பேன்ட்டும் கோட்டும் போட்டு, வேர்வை வழிய உட்கார்ந்தார்.

"சின்ன வேலை சார். அஞ்சு நிமிஷம்" என்றார்.

அஞ்சு நிமிஷ வேலை என்று வருவதெல்லாம் என் உயிரை வாங்கும் வேலை என்பது எனக்குத் தெரியும். போட்டோவை வாங்கிப் பார்த்தேன். கிடங்கின் வாசல் பலகை. மேலே பெரிய எழுத்தில் ஆங்கிலம், கீழே சிறிய எழுத்தில் தமிழ். பலகைக்கு முன்னால், தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக, கல்யாண மாப்பிள்ளை போல ஒருவர் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"இவர் யார்?"

"எங்க மேஸ்திரி. பலகையை மட்டும் எடுன்னுதான் சொன்னேன். கேமராவைப் பார்த்ததும் வந்து நின்னுட்டார். நகரவே மாட்டேன்னுட்டார்."

கிடங்கில் கரிக்கூடை சுமக்கும் காசிமேட்டுக்காரி ஒருத்தி, கிடங்குக்குள் அடுப்பு மூட்டிக் கருவாடு சுட்டாளாம். வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சங்கத்தார் அதைத் தொழில் தகராறு மன்றத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள். "தீ மூட்டக் கூடாது என்று வாசலிலேயே இரண்டு மொழியில் எழுதிப் போட்டிருக்கிறோமே" என்று காட்டுவதற்காகக் கம்பெனி இந்தப் போட்டோவைத் தாக்கல் செய்கிறது. நீதிபதிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்றாலும் பதிவெல்லாம் ஆங்கிலத்தில். ஆகவே தமிழ்ப் பகுதிக்கு மொழிபெயர்ப்பு வேண்டும்.

பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஆங்கிலம் கம்பெனி சொன்னபடியே இருந்தது: இந்தக் கிடங்குக்குள் எவ்விதத் தீயும் மூட்டக் கூடாது, மீறினால் வேலை போகும். கீழே தமிழில் இப்படி இருந்தது:

"அடுப்பு மூட்டுகிறவர்கள் மேற்குச் சுவரோரம் மட்டும் மூட்டவும். தின்று முடித்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்கவும்."

அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது. அது மேஸ்திரியின் தோளுக்குப் பின்னால் இருந்தது.

"இதை நீங்கள் படித்தீர்களா?" என்று கேட்டேன்.

"மேலே இருக்கிறதைப் படிச்சேன் சார்."

"கீழே?"

"அதுவும் அதேதானே?"

அவர் பச்சைத் தமிழர். பிறந்தது தண்டையார்பேட்டை. ஆனால் மேலே ஆங்கிலம் இருந்தால் கீழே பார்க்கிற பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. நான் உரக்கப் படித்துக் காட்டினேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க 'மேற்படி'ன்னு ஒரு வார்த்தை போட்டு முடிச்சிடுங்களேன்."

"மேற்படி இல்லையே!"

"தமிழில் எழுதினவன் தப்பா எழுதிட்டான். நீங்க திருத்திப் போடுங்க."

எனக்கு வந்ததே கோபம். "பலகை தப்பு என்றால் நீதிபதியிடம் போய்ச் சொல்லுங்கள். என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்? இருப்பதை எழுதுவதுதான் என் வேலை. எது சரி, எது செல்லும் என்று தீர்மானிக்க அங்கே ஒருவர் சம்பளம் வாங்குகிறார்" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

விஷயம் எப்படியோ சங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் சங்கச் செயலாளர் வந்தார், கூடவே அந்தக் காசிமேட்டுக்காரியும். ஒல்லியான பெண். விரல் இடுக்குகளில் கழுவிப் போகாத கரி. புருஷன் படுத்த படுக்கை. அவள் கூலி நின்றால் வீட்டில் உலை நிற்கும் என்பதைச் செயலாளர் என்னிடம் மேடைப் பேச்சாகச் சொன்னார். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"வேலை போச்சுன்னா நா எங்க போறது நைனா? வூட்ல அந்த ஆளு எழுந்து நிக்க முடியாம கீறாரு."

அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் செயலாளர் அடுத்துக் கேட்டது என்னை மறுபடி கொதிக்க வைத்தது.

"இங்கிலீஷை விட்டுடுங்க தோழர். அது தொரைமாருக்கு. தமிழை மட்டும் எழுதுங்க. அந்த மறைஞ்ச வரியில 'இதற்கு நிர்வாகத்தின் அனுமதி உண்டு'ன்னுதான் இருந்திருக்கும். அதையும் சேர்த்துடுங்க."

பெரிய குமாஸ்தாவும் இதே வரிக்கு ஒரு வாசகம் வைத்திருந்தார். முந்தின நாள் போகும்போது வாசற்படியில் நின்று, "அங்கே 'மேற்படி அனுமதி ரத்து'ன்னு இருந்திருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆக, ஒரு தோளுக்குப் பின்னால் இரண்டு கட்சியும் தங்களுக்கு வேண்டியதைப் பதுக்கி வைத்திருந்தார்கள்.

"தோளுக்குப் பின்னால் இருப்பதைப் படிக்க நான் குறி சொல்கிறவன் இல்லை" என்று செயலாளரையும் அனுப்பிவைத்தேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. போட்டோ எடுத்த ஸ்டூடியோவுக்குப் போய்ப் பெரிதாக ஒரு பிரதி போடச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் போட்டுக் கொடுத்தார். மேஸ்திரியின் தோள் பெரிதாகிவிட்டது. பலகையையே நேரில் பார்த்துவிடலாம் என்று கிடங்குக்குப் போனேன். ஆங்கிலம் அப்படியே இருந்தது. கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஈரமா என்று தொட்டுப் பார்த்தேன். ஈரம்தான். விரலை வேட்டியில் துடைத்துத் தொலைத்தேன்.

அன்றிரவே எழுதி முடித்தேன். ஆங்கிலப் பகுதியை இருந்தபடி நகலெடுத்தேன். தமிழ்ப் பகுதியை, மேலே என்ன இருக்கிறது என்று பாராமல், தனியாக மொழிபெயர்த்தேன். கீழே ஒரு குறிப்பு: "இரண்டு பகுதிகளும் பொருளில் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகச் செய்வதற்காக நான் எதையும் மாற்றவில்லை. தமிழின் கடைசி வரி படத்தில் நிற்பவரின் தோளால் மறைந்துள்ளது. அதை ஊகிக்கவில்லை. இது போட்டோவில் உள்ள பலகையைப் பற்றியது மட்டுமே." கறுப்புப் பெயின்ட்டைப் பற்றி எழுதவில்லை. அது போட்டோவில் இல்லை, என் வேட்டியில்தான் இருந்தது.

விசாரணை நாளில் இரண்டு தரப்பும் என்னை முறைத்தன. நீதிபதி என் குறிப்பை இரண்டு தரம் படித்துவிட்டுப் போட்டோவைத் தூக்கிப் பிடித்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்து, அந்தப் பெண் கைநாட்டு என்றும், தமிழில் என்ன எழுதியிருந்தாலும் அவள் அதைப் படித்திருக்க முடியாது என்றும் அமர்க்களமாகச் சொன்னார்.

"அப்படியானால் ஆங்கிலத்தை மட்டும் படித்திருப்பாளா?" என்று கேட்டார் நீதிபதி. பிறகு அவளைப் பார்த்து, "பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது?" என்றார்.

"அதோ குந்திகினு கீறாரே, எங்க மேஸ்திரி. போர்டு மாட்டுன அன்னிக்கு எல்லாரையும் நிக்க வச்சுப் படிச்சுக் காட்னாரு. அந்தச் சொவுத்தாண்டதான் நாங்க அடுப்பு வச்சோம். இதுவரிக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அன்னிக்குப் பக்கத்துல கீற தொரை வூட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்கோ. கருவாட்டு வாசனை அந்தப் பக்கம் போய்டுச்சு. அது இன்னா என் தப்பா சாமி? காத்தோட தப்பு."

மன்றம் சிரித்தது. கம்பெனியின் சாட்சியாக வந்திருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். போட்டோவில் இருந்த அதே தலைப்பாகை. தன் படத்தை நீதிபதி கையில் பார்த்ததும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழ் வாசகத்தை எழுதச் சொன்னது யார்?"

"நான்தாங்க. இங்கிலீஷ் எழுத்து ஆபீஸ்லேர்ந்து வந்துச்சு. பெயின்டரு தமிழ்ல இன்னா எழுதுறதுன்னு கேட்டான். இங்க இன்னா சட்டமோ அத்த எழுதுடான்னு சொன்னேன்."

"ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லையா?"

"அது ஆபீஸ் சட்டங்க. இது கெடங்கு சட்டம். கடல் காத்து கெழக்கேர்ந்து அடிக்கும். கரி அந்தாண்ட கீது. மேக்குச் சொவுத்தாண்ட அடுப்பு வச்சா பொறி கரி மேல போவாது, வெளியே பூடும். பொம்பளைங்க காலைலேர்ந்து கூடை தூக்குது, பழைய சோத்தோட ஒரு துண்டு கருவாடு சுட்டுத் திங்க வாணாமா?"

"சரி. உம்முடைய தோளுக்குப் பின்னால் இருந்த வரி என்ன?"

மேஸ்திரி மார்பை நிமிர்த்தினார். "என் பேருங்க! 'இப்படிக்கு'ன்னு போட்டு என் பேரு. அது தெரியணும்னுதானே பக்கத்துல போய் நின்னேன்!"

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெரிய குமாஸ்தாவைப் பார்த்தேன். அவர் செயலாளரைப் பார்த்தார். இருவருமே அந்த வரியை என்னிடம் எழுதி வாங்கப் பார்த்தவர்கள். அப்போது என் கோபத்தின் மேல் எனக்கே ஒரு மதிப்பு வந்தது.

தொழிலாளிக்குச் சொல்லப்பட்ட விதி எதுவோ, அதன்படி நடந்தவளைத் தண்டிக்க முடியாது என்று உத்தரவாயிற்று. அவளை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும். பலகையில் இனி இரண்டு மொழியும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

ஒரு வாரத்தில் பெரிய குமாஸ்தா மறுபடி என் வாசலில் நின்றார். "உங்களை மாதிரி கறாரா எழுதறவர் யாரும் இல்லை சார். புதுப் பலகைக்குத் தமிழ் நீங்கதான் எழுதணும்."

"எந்தச் சட்டம்? ஆபீஸ் சட்டமா, கிடங்குச் சட்டமா?"

"ஆபீஸ் சட்டம்தான் சார்."

எழுதிக் கொடுத்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பெயின்டர் சரியாக எழுதியிருக்கிறாரா என்று பார்க்க ஒரு மத்தியானம் நானே கிடங்குக்குப் போனேன். எழுத்து அழகாக இருந்தது. அந்தப் பெண் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"படிச்சுக் காட்டு நைனா."

மேலே இருந்ததைத் தமிழில் சொன்னேன். கீழே இருந்ததைப் படித்தேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணா கீதா?"

"ஒன்றேதான் அம்மா. ஒரு எழுத்துகூட மாறாது."

"அப்போ மேல கீறதே போதுமே. எங்களுக்குன்னு கீழ எதுக்கு எழுதுனே?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் பதிலுக்குக் காத்திராமல் சுவர் நிழலில் போய் உட்கார்ந்து, கருவாடு இல்லாத பழைய சோற்றைத் தின்ன ஆரம்பித்தாள்.